ஜிம்முக்கு வருஷ சந்தா 15,000 கட்டலாமா, இல்ல அதே காசுல வீட்லயே செட்டப் போடலாமா?

மேடவாக்கம்சதீஷ் · அக்டோபர் 9, இரவு 10:52

வணக்கம் மக்களே. வயசு 34, ஐடி வேலை, ஆபீஸ் சோழிங்கநல்லூர், வீடு மேடவாக்கத்துல வாடகைக்கு ரெண்டாவது மாடி. வொய்ஃபும் வேலைக்கு போறாங்க, பையனுக்கு மூணு வயசு. போன வாரம் ஆபீஸ்ல லிஃப்ட் ரிப்பேர்னு நாலு மாடி ஏறுனேன், மேல போய் சேர்ந்ததும் மேனேஜர் ஏதோ கேக்குறார், பதில் சொல்ல மூச்சு வரல, கைய காட்டி நில்லுங்க சார்னு சைகை பண்ணிட்டு நின்னேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பள்ளிக்கரணை பக்கம் ஒரு ஜிம் பாத்தேன். வீட்ல இருந்து மூணரை கிலோமீட்டர். மாசம் 2,000, மூணு மாசம் 5,000, வருஷம் 15,000. ஆயுத பூஜை ஆஃபராம், ஞாயித்துக்கிழமையோட முடியுதாம். மிஷின்லாம் புதுசு, ஏசி இருக்கு.

இன்னொரு பக்கம் வீட்ல போடலாம்னு ஒரு லிஸ்ட் போட்டேன். 40 கிலோ பிளேட் 5,600, ரெண்டு டம்பெல் ராடு 1,000, அஞ்சடி ராடு 1,300, சாய்க்குற பெஞ்ச் 5,500, ரப்பர் பேண்ட் செட்டு 1,200, தரைக்கு மேட் 1,500, புல்லப் பார் 1,400. மொத்தம் 17,500 வருது. ரெண்டாவது வருஷத்துல இருந்து செலவு இல்லைல்ல, அப்போ வீடுதானே லாபம்? ஆனா வொய்ஃப் சொல்றாங்க, ஏற்கனவே வாங்குன சைக்கிள் மிஷின்ல துணி காயுதுன்னு. அதுவும் உண்மைதான். வாரம் நாலு நாள் பண்ணணும்னு பிளான். எது சரி சொல்லுங்க.

ஜிம்பாய்_பிரபு · அக்டோபர் 9, இரவு 11:10

ப்ரோ யோசிக்கவே வேணாம் ஜிம் போங்க. வீட்ல 40 கிலோவ வச்சு ஒண்ணும் வளராது, வெயிட் கம்மினா மசில் வராது அவ்ளோதான். அப்புறம் அங்க நாலு பேரு பண்றத பாத்தாதான் நமக்கும் வெறி வரும். 21 நாள் விடாம போங்க, பழக்கம் ஆயிடும், அதுக்கப்புறம் போகாம இருக்க முடியாது.

திருச்சி_வாக்கர் · அக்டோபர் 10, காலை 5:40

தம்பி, எனக்கு 61 வயது. சுகர் உண்டு. தினமும் 50 நிமிடம் நடக்கிறேன், ஒரு பைசா செலவு இல்லை. டிரெட்மில் வாங்காதீர்கள், என் சம்பந்தி வாங்கி மோட்டார் போய் ரிப்பேருக்கே ஏழாயிரம் கொடுத்தார். வீட்டில் டிரெட்மில் வைப்பதை விட பார்க் நல்லது.

மேடவாக்கம்சதீஷ் · அக்டோபர் 10, காலை 8:15

சார் நான் டிரெட்மில் லிஸ்ட்லயே போடல 🙂 ஆனாலும் நன்றி.

கலைவாணி_கோவை · அக்டோபர் 10, பகல் 1:32

சதீஷுங்க, நான் ஆறு வருஷம் ஜிம்ல டிரெய்னரா இருந்தேன், அதுல ரெண்டு வருஷம் முன்னாடி டெஸ்க்ல உக்காந்து இதே ஆஃபர நானே பேசி வித்துருக்கேன், அதனால அந்தப் பக்கத்து கணக்கு சொல்றேன்.

ஞாயித்துக்கிழமையோட எந்த ஆஃபரும் முடியறதில்லைங்க. ஆயுத பூஜை போனா தீபாவளி, அது போனா புது வருஷம், அதுவும் போனா பொங்கல். அத விடுங்க. அவங்க சொன்ன மூணு விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மூணு மாசம் 5,000னா ஒன்பது மாசம் 15,000. அதாவது வருஷ சந்தா உங்களுக்கு லாபமாகணும்னா பத்தாவது மாசமும் நீங்க உள்ள வந்துட்டு இருக்கணும். மாசா மாசம் கட்டுனாக்கூட ஏழு மாசத்துக்கு 14,000 தான். எட்டாவது மாசம் வராதவங்களுக்கு வருஷ சந்தா நட்டம்.

நான் டெஸ்க்ல இருந்தப்ப பாத்தது, ஜனவரில சேர்ந்தவங்க பாதிப் பேரோட முகம் ஏப்ரல்ல எனக்கு மறந்தே போயிருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல வந்தா நிக்கக்கூட எடம் இருக்காதுங்க, அது ஓனருக்கும் தெரியும்.

அதனால 15,000த்த 12ஆல வகுக்காதீங்க, எத்தனை தடவை போவீங்களோ அதால வகுங்க. வாரம் நாலு நாள் வருஷம் பூரா போனா 208 தடவை, ஒரு தடவைக்கு 72 ரூபா. ரெண்டரை மாசம் போய் நின்னுட்டீங்கன்னா 40 தடவை, அப்ப ஒரு தடவைக்கு 375 ரூபா. ரெண்டும் அதே ரசீதுதான்.

உங்ககிட்ட ஒரு கேள்வி. எத்தனை மணிக்கு போறதா இருக்கீங்க?

சிங்கை_மீனா · அக்டோபர் 10, பகல் 2:05

கலைவாணி சொல்றத ஒரு அமெரிக்க பொருளாதார ஆய்வுலயே பாத்திருக்காங்க, 2006ல வந்தது. மாசம் 70 டாலருக்கு மேல கட்டுன ஆளுங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவை சொச்சம்தான் போயிருக்காங்க, கணக்குப் போட்டா ஒரு தடவைக்கு 17 டாலர். அதே இடத்துல பத்து தடவை பாஸ் வாங்கியிருந்தா ஒரு தடவைக்கு 10 டாலர்தான்.

நான் இருக்கிற சிங்கப்பூர்ல அரசாங்க ஜிம்ல ஒரு தடவை உள்ள போக 2.50 வெள்ளி. போனா காசு, போகலன்னா இல்ல. எனக்கு இது ரொம்ப சரியா இருக்கு, புளோக்குக்கு கீழ இருந்து பஸ் ஒரே ஸ்டாப்பு. சென்னைல தினப்படி காசு வாங்குற ஜிம் இருக்கா?

மேடவாக்கம்சதீஷ் · அக்டோபர் 10, இரவு 9:48

அக்கா, நேரம் சாயங்காலம்தான். ஏழு மணிக்கு ஆபீஸ் முடிச்சு வீட்டுக்கு வந்து டிரெஸ் மாத்திட்டு போகணும். ஜிம் 15 நிமிஷம்தான் பைக்ல.

மீனா அக்கா, நேத்து கேட்டுப் பாத்தேன், ஒரு நாளைக்கு 200 சொல்றாங்க.

கலைவாணி_கோவை · அக்டோபர் 10, இரவு 10:20

அந்த 15 நிமிஷம் மேப்ல காலைல பத்து மணிக்கு பாத்ததுங்களா, இல்ல ஏழரைக்கு நீங்களே ஓட்டிப் பாத்ததுங்களா? ஒரு நாள் ஜிம்முக்கு போக வேணாம், அதே நேரத்துக்கு வீட்டு கேட்ல இருந்து ஜிம் வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பி வாங்க, போன்ல டைம் பாருங்க. உள்ள போய் அந்த நேரத்துல எத்தனை பேரு பெஞ்சுக்கு நிக்கிறாங்கன்னும் பாத்துட்டு வாங்க. ஜிம் சுத்திக் காட்டும்போது மதியம் மூணு மணிக்குதான் கூப்பிடுவாங்க, அப்ப காத்து வாங்கும்.

மேடவாக்கம்சதீஷ் · அக்டோபர் 13, இரவு 10:31

அக்கா சொன்னத பண்ணேன், திங்கக்கிழமை. கேட்ட விட்டு கிளம்புனது 7:34. மேடவாக்கம் ஜங்ஷன்லயே ஏழு நிமிஷம் போயிடுச்சு. ஜிம் வாசல் 7:56. பைக் விட எடம் தேடி, ஷூ மாத்தி, உள்ள நிக்கிறப்ப 8:05. கேபிள் மிஷினுக்கு மூணு பேரு, பெஞ்ச் ரெண்டுலயும் ஆளு, ஒருத்தர் பெஞ்ச்ல உக்காந்துக்கிட்டு ரீல்ஸ் பாக்குறாரு, நானும் நிக்கிறேன் அவரு நிமிரவே இல்ல. ஒரு மணி நேரம் பண்ண வேண்டியது நடுவுல நிக்கிற நேரத்தோட ஒண்ணேகால் மணி ஆகும்னு வச்சுக்கோங்க. திரும்பி வர 19 நிமிஷம். ஆக மொத்தம் ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் ஜாஸ்தி. வாரம் நாலு நாள்னா எட்டு மணி நேரத்துக்கு மேல. வீட்ல 50 நிமிஷம் வீதம் போட்டா மூணு மணி இருபது நிமிஷம்.

பெட்ரோலும் போட்டேன், ஒரு நாளைக்கு ஏழு கிலோமீட்டர், 16 ரூபா மாதிரி. அது பெரிய விஷயமே இல்ல. பெரிய விஷயம் என்னன்னா நான் வீட்டுக்கு வர்றப்ப 9:40, பையன் தூங்கிருப்பான். வொய்ஃப் ஒண்ணும் சொல்லல, ஆனா ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு பயமா இருக்கு.

ஜிம்பாய்_பிரபு · அக்டோபர் 13, இரவு 10:44

அப்போ காலைல 5:30க்கு போங்க ப்ரோ. சாக்கு சொல்றவன் எப்பவும் சொல்லுவான்.

மதுரை_ஜெகன் · அக்டோபர் 13, இரவு 11:02

பிரபு தம்பி, மூணு வயசு பிள்ள வீட்ல இருக்கிறவங்ககிட்ட 5:30ங்கிறது லேசா சொல்ற வார்த்த இல்லப்பா 😄

சதீஷ்ணே, நான் நாலு வருசமா வீட்லதான் பண்றேன். உங்க லிஸ்ட்ல மூணு எடத்துல நான் அடிபட்டிருக்கேன், அத சொல்றேன்.

மொத வாங்குனது பிளாஸ்டிக் பிளேட்டு, உள்ள சிமெண்ட் நெரப்புனது. கிலோவுக்கு பாதி விலைனு வாங்கினேன். ஆறே மாசத்துல ஓரத்துல தையல் விட்ட மாதிரி வெடிச்சு, ஒவ்வொரு தடவை கீழ வைக்கும்போதும் சாம்பல் மாதிரி பொடி கொட்டும், வீட்ல அம்மா என்னடா கோலப்பொடியாங்கும். லக்கேஜ் தராசுல தூக்கிப் பாத்தா அஞ்சு கிலோன்னு போட்டது 4.6 இருக்கு, இன்னொன்னு 5.2. ஒரு கை எப்பவும் கனமா இருந்ததுக்கு காரணம் அப்பத்தான் தெரிஞ்சது. இரும்பு பிளேட்டு எடுங்க. கடைல கூச்சப்படாம தராசுல வைக்கச் சொல்லுங்க. பிளேட்டு ஓட்டையும் ராடு கனமும் பொருந்துதானு அங்கயே போட்டுப் பாருங்க, ஒரு எடத்துல ராடு, இன்னொரு எடத்துல பிளேட்டுனு வாங்குனா ஆடும், இல்ல ஏறவே ஏறாது.

ரெண்டாவது, புல்லப் பார். வெளிநாட்டு வீடியோல கதவு நிலைல கொக்கி மாதிரி மாட்டுவான் பாருங்க, அது நம்ம வீட்ல நிக்காது. அவனுக்கு நிலையச் சுத்தி மரப்பட்டி துருத்திக்கிட்டு இருக்கும், நம்ம நிலை சுவத்தோட சமமா பூசியிருக்கும், கொக்கி எதுல பிடிக்கும்? அப்புறம் திருகி நடுவுல இறுக்குற பார். அது நான் மாட்டி, மூணாம் நாளு நிலை லேசா விரிஞ்சு கதவு சாத்த மாட்டேங்குது. வாடகை வீடு வேற. ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சாரு. சுவத்துல போல்ட் அடிக்கிறதுனா செங்கல்லா, காங்கிரீட்டா, இல்ல புதுசா வர்ற அந்த லேசான வெள்ளக் கல்லானு மொத பாருங்க, வெள்ளக் கல்லுல சாதா போல்ட் உருவிக்கிட்டு வந்துரும்.

மூணாவது பெஞ்ச். மொத நாளே வாங்காதீங்க.

மேடவாக்கம்சதீஷ் · அக்டோபர் 13, இரவு 11:20

ஏன் பெஞ்ச் வேணாங்குறீங்க ஜெகன்?

மதுரை_ஜெகன் · அக்டோபர் 13, இரவு 11:31

துணி காயப்போட சைக்கிள விட அதுதாண்ணே வசதி.

கலைவாணி_கோவை · அக்டோபர் 14, காலை 11:15

ஜெகன் சொன்னது சிரிப்பா இருந்தாலும் விஷயம் இருக்குங்க. பிரபு ரெண்டு சொன்னாரு, ரெண்டும் பாதி சரி.

வெயிட் கம்மினா வளராதுங்கறது. லேசான வெயிட்டா இருந்தாலும் 20, 25, 30 தடவைனு இனிமே ஒண்ணுகூட முடியாதுங்கற எடத்துக்கு பக்கத்துல கொண்டு போனா மசில் வளர்றது கிட்டத்தட்ட அதே அளவுதான், இத நிறைய ஆய்வுல பாத்துட்டாங்க. ஆனா ஒரே தடவைல எவ்ளோ கனம் தூக்கறோம்ங்கற பலம் வேணும்னா கனமா தூக்கித்தான் ஆகணும், அதுல பிரபு சரி. சதீஷுக்கு நாலு மாடி ஏறணும், 150 கிலோ டெட்லிஃப்ட் போடறதா சொல்லலை.

வீட்டு செட்டப்புல மொதல்ல பத்தாம போறது காலுக்குத்தாங்க. கைக்கு 20 கிலோ புடிச்சு ஸ்குவாட் பண்ணா ரெண்டு மூணு மாசத்துல 30 தடவை சாதாரணமா போகும், மூச்சுதான் வாங்கும், தொடை எரியாது. அப்படி ஆச்சுன்னா வெயிட் பத்தலைன்னு அர்த்தம். அப்ப பின்னங்கால சேர்ல வச்சு ஒத்தக்கால்ல எறங்குங்க, எறங்கறதுக்கு நாலு எண்ணுங்க. அதே 40 கிலோ இன்னும் ஆறேழு மாசம் வரும். அதுக்கப்புறம் உண்மையாவே ஜிம் வேணும், இல்ல இன்னும் இரும்பு வேணும். முதுகுக்கும் அதேதான், தொங்கறதுக்கு எடம் இல்லன்னா ஒரு கைல டம்பெல் இழுக்கறது, பேண்ட் இழுக்கறதுனு ஓட்டலாம், கேபிள் மிஷின் மாதிரி வராது.

21 நாள் கதை. லண்டன்ல 96 பேர வச்சு பாத்த ஆய்வுல ஒரு பழக்கம் தானா நடக்கற அளவுக்கு வர சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும். தண்ணி குடிக்கறது சீக்கிரம் ஒட்டுது, உடற்பயிற்சி லேட்டாத்தான் ஒட்டுது. நல்ல சேதி என்னன்னா நடுவுல ஒரு நாள் விட்டா ஒண்ணும் கெட்டுப் போகறதில்லை.

ஜிம்பாய்_பிரபு · அக்டோபர் 14, பகல் 12:40

ஓகே அக்கா 66 ஏத்துக்கிறேன். ஆனா வீட்ல ஒட்டாதுன்னு நான் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லல. ஜிம்முக்கு போயிட்டா பண்ணித்தான் ஆகணும், பாதில திரும்பி வர முடியாது. வீட்ல ரெண்டாவது செட்ல கரண்ட் பில்லு, கொரியர், குக்கர் விசில்.

சிங்கை_மீனா · அக்டோபர் 14, பகல் 1:10

இதுல பிரபு பக்கம்தான் நான். லாக்டவுன்ல வீட்ல பண்ணேன், "அப்புறம் பண்ணலாம்" தான் பெரிய எதிரி. ஜிம்முக்கு பூட்டுற நேரம் இருக்கு, வீட்டுக்கு இல்ல. எப்பவும் திறந்திருக்குன்னா எப்பவும் தள்ளிப் போடலாம்.

கலைவாணி_கோவை · அக்டோபர் 14, பகல் 3:25

நானும் அதுக்குத்தாங்க வர்றேன். யாருக்கு எது ஒட்டும்னு வெளிய இருந்து சொல்ல முடியாது, அளந்துதான் பாக்கணும். சதீஷ், 15,000மும் வேணாம் 17,500மும் வேணாம். ஒரு மாசத்துக்கு மட்டும் 2,000 கட்டுங்க. பேண்ட் செட்டு 1,200க்கு வாங்கிக்கோங்க. அஞ்சு வாரம். வாரத்துல மூணு நாள் ஜிம், ரெண்டு நாள் வீடு, எந்த நாள் எதுன்னு இன்னைக்கே எழுதுங்க. மாசம் நாலு வாரத்துல முடிஞ்சுரும், அஞ்சாவது வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் சேர்த்துத் தரச் சொன்னா தருவாங்க, புது ஆள விட மனசு வராது.

வீட்டு நாளுக்கு நேரம் போடாதீங்க, ஒரு வேலையோட முடிச்சு போடுங்க. பையனுக்கு சோறு ஊட்டி முடிச்ச உடனே, இல்ல காலைல பால் காயறதுக்குள்ள, அந்த மாதிரி. பேண்ட பீரோக்குள்ள வைக்காதீங்க, ஜன்னல் கம்பில கட்டியே விடுங்க.

காலண்டர்ல போனா டிக், போகலன்னா ஏன் போகலன்னு ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைதான் முக்கியம். டிராஃபிக், மழைனு வந்தா ஜிம்முக்கு தூரம்தான் பிரச்சனை. சோம்பல், மறந்துட்டேன்னு வந்தா வீட்டுக்கு ஆகாது.

திருச்சி_வாக்கர் · அக்டோபர் 14, மாலை 6:02

காலண்டர் யோசனை நன்று. நான் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் சுகர் அளவு எழுதுகிறேன்.

பம்மல்_ரவி · அக்டோபர் 15, காலை 9:20

ஒரு மாசம் மட்டும் கட்டுங்கன்னு அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. எங்க ஏரியால ஒரு ஜிம்ல வருஷத்துக்கு 12,000 கட்டி நாலு மாசம் போனேன், ஒரு நாள் காலைல போனா ஷட்டர் எறக்கி டூலெட் போர்டு. ஓனர் போன் சுவிட்ச் ஆஃப். கைல இருந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதுல ஜிம் பேரு ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி நம்பர் கூட இல்ல. வரி வேற தனியா வாங்குனாங்க. கட்டுறதா இருந்தா பில்லு கேளுங்க, நடுவுல நிறுத்தி வைக்க முடியுமா, ஊருக்கு போனா அந்த நாள சேர்த்துத் தருவாங்களானு பில்லுலயே எழுதி வாங்குங்க. ஜிம்முக்கு வரி 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 சதவீதம் போய் 5 ஆயிடுச்சு, இன்னும் பழைய 18 போட்டு விலை சொல்றாங்களானு அதையும் பாத்துக்கோங்க.

மேடவாக்கம்சதீஷ் · நவம்பர் 21, இரவு 11:14

வந்துட்டேன். அஞ்சு வாரம் முடிஞ்சுது. மறைக்காம சொல்றேன்.

ஜிம் 15 நாள் போகணும், போனது 8. போகாத ஏழுக்கு எழுதுன வார்த்தை: மழை, மழை, கால், மழை, பையன் காய்ச்சல், ரிலீஸ், மழை. "கால்"னா என் கால் இல்ல, கிளையன்ட் கால். ஒரு நாள் பள்ளிக்கரணை ரோட்ல தண்ணி சைலன்சர் வரைக்கும் நின்னுச்சு, பாதி வழில திரும்பிட்டேன்.

வீடு 10 நாள், பண்ணது 7. ஆனா அந்த ஏழுல ரெண்டு நாள் பதினஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டேன், பையன் பேண்ட இன்னொரு பக்கம் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டான், அவனுக்கு அது விளையாட்டு. முழுசா பண்ணது அஞ்சுதான். மிச்சம் மூணு நாளுக்கு வார்த்தை: சோம்பல், சோம்பல், சோம்பல்.

ஆனா ஒண்ணு. ஜிம் போன எட்டு நாளும் ஒழுங்கா ஒரு மணி நேரம் பண்ணேன். ஒரு பெரியவர், ரிட்டயர்டு பேங்க்காரர், எனக்கு டெட்லிஃப்ட்ல இடுப்பு வளையுதுன்னு பின்னாடி ஒரு குச்சிய வச்சு காமிச்சாரு. வீட்ல இத யாரு சொல்லுவா?

இப்ப குழப்பம் முன்ன விட ஜாஸ்தி.

கலைவாணி_கோவை · நவம்பர் 22, காலை 10:48

குழப்பம் இல்லைங்க, நல்லாவே தெரியுது. எட்டு தடவைக்கு 2,000, அதாவது தடவைக்கு 250. மீனாவோட கணக்குப்படி தினப்படி 200 கொடுத்தே போயிருந்தா 400 மிச்சம். மழை நாலு, அது டிசம்பர் பாதியோட கொறையும். அதனால இந்த எண்ண வச்சு ஜிம் ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், வருஷ சந்தா ஆகாதுன்னு மட்டும் சொல்வேன்.

என் யோசனை, இப்போதைக்கு வீட்டுக்கு 20 கிலோ இரும்பும் ரெண்டு ராடும் மட்டும், 3,800 ஆகும். பெஞ்ச் வேணாம், பார் வேணாம். சனி ஞாயிறு ரெண்டு நாள்ல ஒரு நாள் காலைல ஜிம், டிராஃபிக் இருக்காது, 200 கொடுத்து போங்க, அந்தப் பெரியவர்கிட்ட இடுப்ப காட்டுங்க. ஜனவரில திரும்ப எண்ணிப் பாருங்க.

ஜிம்பாய்_பிரபு · நவம்பர் 22, காலை 11:05

அக்கா மூணு சோம்பல் எழுதிருக்காரு, அவருக்கு போய் இரும்பு வாங்கச் சொல்றீங்களே. நீங்கதான சொன்னீங்க சோம்பல்னு வந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு.

கலைவாணி_கோவை · நவம்பர் 22, காலை 11:30

சொன்னேன். 😄 பத்துக்கு மூணுன்னா பரவால்லங்கறேன், பத்துக்கு ஆறுன்னா வேணாங்கறேன். கோடு எங்க போடறதுன்னு எனக்கும் தெரியாதுங்க.

மதுரை_ஜெகன் · நவம்பர் 22, பகல் 12:16

சதீஷ்ணே, இரும்பு எடுக்க பெரியமேடு போங்க, நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையா கடை இருக்கும். தராச மறந்துராதீங்க. அப்புறம் ரெண்டாவது மாடினு சொன்னீங்க, கீழ் வீட்ல யாரு இருக்கா?

மேடவாக்கம்சதீஷ் · நவம்பர் 22, பகல் 12:40

ஹவுஸ் ஓனர்.

மதுரை_ஜெகன் · நவம்பர் 22, பகல் 12:43

அப்ப மொத மேட்ட வாங்குங்க.